மாமாவுக்கு 30, சென்னைக்கு 20: முதல் முதலீட்டாளருக்கு எத்தனை சதவீதம்?

கேள்வி: ஐயா, நானும் என் கல்லூரி நண்பனும் கோவையில் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்துகிறோம். விசைத்தறியில் பொருத்தும் சிறு கருவி ஒன்றைத் தயாரிக்கிறோம். தறி எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை மீட்டர் ஓடியது என்பதை உரிமையாளரின் போனுக்கு அது அனுப்பும். சோமனூர், பல்லடம் பக்கம் 22 கூடங்களில் 340 தறிகளில் பொருத்தியிருக்கிறோம். தறிக்கு மாத வாடகை 250 ரூபாய். நூற்பாலை வைத்திருக்கும் என் தாய்மாமா, "60 லட்சம் தருகிறேன், 30 சதவீதம் கொடு" என்கிறார். சென்னையில் ஒரு ஏஞ்சல் முதலீட்டாளர் குழு 1.2 கோடிக்கு 20 சதவீதம் கேட்கிறது. எங்கள் ஆடிட்டர், வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டும் டிசிஎஃப் முறையில் கணக்கிட்டு நிறுவனத்தின் மதிப்பு 14 கோடி என்று அறிக்கை தந்திருக்கிறார். 8 கோடியாவது கேட்கலாம் என்பது எங்கள் எண்ணம். எவ்வளவு பங்கு கொடுப்பது சரி? கேட்கும் மதிப்பை எப்படி நியாயப்படுத்துவது? சென்னைக் குழு தன் நிபந்தனைகளை எழுதித் தந்த டெர்ம் ஷீட், ஆடிட்டர் அறிக்கை, எங்கள் செலவுக் கணக்கு மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் இணைத்த மூன்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது உங்கள் செலவுக் கணக்குதான். சதவீதத்தைப் பிறகு பார்ப்போம். எவ்வளவு பணம், எதுவரைக்கும் போவதற்கு என்பது முதலில் முடிவாக வேண்டும்.

18 மாதங்களில் 340 தறியிலிருந்து 2,000 தறிக்குப் போவது உங்கள் திட்டம். இன்னும் 1,660 கருவிகள் வேண்டும். ஒன்றுக்கு 3,200 ரூபாய் வீதம் சுமார் 53 லட்சம். சம்பளமும் அலுவலகமும் மாதம் 4 லட்சம் என்று போட்டிருக்கிறீர்கள். 18 மாதத்துக்கு 72 லட்சம். இடையில் வரும் வாடகையை முழுமையாக வரவு வைத்திருக்கிறீர்கள். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலி நெசவு செய்பவர் தனக்கு வரவேண்டிய கூலியையே மாதக்கணக்கில் தாமதமாகப் பெறும் தொழில் இது. பழுது பார்க்கும் செலவும் இருக்கிறது. பாதியை, அதாவது 25 லட்சத்தை மட்டும் வரவு வையுங்கள். ஆக உண்மையான தேவை ஒரு கோடி. ஐந்தில் ஒரு பங்கு கைகாவலாகச் சேர்த்தால் 1.2 கோடி. சென்னைக் குழு சொல்லும் தொகை இங்கிருந்துதான் வந்திருக்கிறது. உங்கள் கணக்கை அவர்கள் உங்களைவிடக் கவனமாகப் படித்திருக்கிறார்கள்.

இந்த ஒரு கோடியில் 53 லட்சம் கருவிகளுக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். 3,200 ரூபாய்க் கருவி மாதம் 250 ஈட்டினால், பழுதுச் செலவு போக ஒன்றரை வருடத்துக்குள் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். அப்படிப்பட்ட பொருளை வாங்க நிறுவனத்தின் பங்கை விற்பது வீண். தறிக்கு 1,500 ரூபாய் திருப்பித் தரத்தக்க முன்வைப்பு வாங்கினால் 1,660 தறிக்கு ஏறக்குறைய 25 லட்சம் வரும். அதை ஒருநாள் திருப்பித் தர வேண்டும் என்பதை மறக்காமல் தனியாகக் கணக்கு வையுங்கள். தேவை 75 லட்சமாகக் குறைகிறது. கைகாவலோடு 90 லட்சம். அடுத்த 50 தறிகளில் கேட்டுப் பாருங்கள். உரிமையாளர்கள் மறுத்தால் பழைய 1.2 கோடிக்குத் திரும்பலாம். கேட்காமலே மறுப்பார்கள் என்று முடிவு செய்ய வேண்டாம். இனி 90 லட்சம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இப்போது மாமாவின் 30 சதவீதம். அது அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். என் கவலை அந்த 60 லட்சம் போதாது என்பதில்தான். 2,000 தறியை எட்டுவதற்கு முன்பே பணம் தீர்ந்து, பாதி வழியில் மறுபடி முதலீடு தேட வேண்டியிருக்கும். எதையும் நிரூபிக்காத நிலையில் தேடும்போது இன்னொரு 20 சதவீதமாவது போகும். இருவரின் 70 என்பது 56 ஆகும். அதன் பிறகு வழக்கமான இரண்டு முதலீட்டுச் சுற்றுகள், ஒவ்வொன்றிலும் 20 சதவீதம் கொடுத்தால் 56 என்பது 45, பிறகு 36. இருவருக்கும் சேர்த்து 36. அதிலும் ஊழியர்களுக்கான பங்கை நான் கழிக்கவில்லை. இன்னொரு பக்கம், தினசரி வேலையில் இல்லாத ஒருவர் முதல் சுற்றிலேயே 30 சதவீதம் வைத்திருப்பதைப் பார்க்கும் அடுத்த முதலீட்டாளர், "முக்கிய முடிவுக்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?" என்று கேட்பார். முதல் சுற்றில் 10 முதல் 20 சதவீதத்துக்குள் முடிவதுதான் வழக்கம். 25-ஐத் தாண்டினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

சென்னைக் குழுவின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 1.2 கோடிக்கு 20 சதவீதம் என்றால் முதலீட்டுக்குப் பிந்தைய மதிப்பு 6 கோடி, முந்தைய மதிப்பு 4.8 கோடி. உங்கள் நிறுவனத்துக்கு அவர்கள் வைக்கும் விலை இந்த 4.8 கோடிதான், மீதி அவர்களுடைய சொந்தப் பணம். எனவே நீங்கள் வாங்கும் தொகை குறைந்தால் முந்தைய மதிப்பை அப்படியே நிறுத்துங்கள். 4.8 கோடியோடு 90 லட்சம் சேர்ந்தால் 5.7 கோடி, அவர்களுக்குச் சேருவது 15.8 சதவீதம். "எவ்வளவு போட்டாலும் எங்களுக்கு 20 வேண்டும்" என்று அவர்கள் சொன்னால், 90 லட்சத்துக்கு 20 என்பது முந்தைய மதிப்பை 3.6 கோடிக்கு இறக்குவதாகும். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கே மாறும்.

டெர்ம் ஷீட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: முதலீட்டுக்கு முன்பே ஊழியர்களுக்காக 10 சதவீதப் பங்கு ஒதுக்கப்பட வேண்டும், அந்த 10 முதலீட்டுக்குப் பிந்தைய கணக்கில் இருக்க வேண்டும். 6 கோடியில் 10 சதவீதம் 60 லட்சம். அது முழுக்க உங்கள் இருவரின் பக்கத்திலிருந்து போகிறது. அதாவது 4.8 கோடி என்று எழுதியிருந்தாலும் உங்களுக்கு வைத்த விலை 4.2 கோடிதான். உங்கள் கையில் மிஞ்சுவது 80 அல்ல, 70. இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, எல்லோரும் கேட்பதுதான். பதிலுக்கு நீங்கள் 18 மாதத்தில் யாரை எடுக்கப் போகிறீர்கள் என்று பெயர் இல்லாமல் பதவியாக எழுதிக் காட்டுங்கள். மின்னணு வடிவமைப்புக்கு ஒரு மூத்தவர் 2 சதவீதம், விற்பனைக்கு ஒருவர் ஒன்றரை, ஆரம்பத்திலிருந்து இருக்கும் மூன்று பேருக்கு அரை அரை. மொத்தம் 5. அதற்கு மேல் வேண்டியதை அடுத்த சுற்றில், அப்போது வருபவரும் சேர்ந்து சுமக்கட்டும். இப்படி முடிந்தால் அவர்களுக்கு 15.8, ஊழியர்களுக்கு 5, உங்கள் இருவருக்கும் 79.2. மேலே சொன்ன அதே இரண்டு சுற்றுகளைக் கடந்த பிறகும் 50-க்குச் சற்று மேலே நிற்பீர்கள்.

இனி மதிப்பை நியாயப்படுத்துவது. இன்றைய உங்கள் வருட வருமானம் 340 தறி, 250 ரூபாய், 12 மாதம் என்று பெருக்கினால் 10.2 லட்சம். 4.8 கோடி என்பதே அதைப்போல 47 மடங்கு. வருமானத்தைக் காட்டி எந்த விலையையும் நீங்கள் நியாயப்படுத்த முடியாது, முயலவும் வேண்டாம்.

ஆடிட்டர் அறிக்கையாலும் முடியாது. அவருடைய 14 கோடியில் 12 கோடி, ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு நிறுவனம் என்றென்றும் வளர்ந்துகொண்டிருக்கும் என்ற கடைசி வரியிலிருந்து வருகிறது. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு விகிதம் வருடத்துக்கு 18 சதவீதம் என்று எடுத்திருக்கிறார். அந்த விகிதத்தில் ஐந்தாண்டு கழித்து வரும் ஒரு கோடி இன்றைக்கு 43.7 லட்சம். 340 தறி மட்டும் உள்ள நிறுவனத்துக்கு 35 சதவீதம் என்று வைப்பதுதான் நியாயம் என்று எதிரே இருப்பவர் சொன்னால் அதே ஒரு கோடி 22.3 லட்சமாகிவிடும். ஒரே ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் மதிப்பு பாதியாகிறது. இப்படிப்பட்ட ஆவணத்தை வைத்துப் பேரம் பேசக் கூடாது.

அது ஏன் அவ்வளவு பெரிதாக வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2012-இல் வருமான வரிச் சட்டத்தில் 56(2)(viib) பிரிவு வந்தது. நியாயமான சந்தை மதிப்புக்கு மேல் பங்கு விற்றால், மேலே உள்ள தொகை நிறுவனத்தின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். ஏஞ்சல் வரி என்று பெயர் பெற்றது அதுதான். அதனால் அறிக்கையில் மதிப்பை உயர்த்தி வைப்பது பாதுகாப்பு என்ற பழக்கம் தொழிலில் வேரூன்றியது. 2024 ஜூலை பட்ஜெட் அந்த வரியை நீக்கியது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை.

இப்போது அந்தப் பழக்கம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 62(1)(c) பிரிவின்படி வெளியாருக்கு முன்னுரிமை ஒதுக்கீடாகப் பங்கு கொடுக்கும்போது பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். அவர் நிர்ணயித்த விலைக்குக் கீழே பங்கு வெளியிட முடியாது. 14 கோடி என்று முறைப்படி ஓர் அறிக்கை வாங்கிவிட்டு 4.8 கோடிக்கு ஒப்பந்தம் போட்டால், உங்கள் அறிக்கையே உங்கள் வழியை மறிக்கும். நல்லவேளை, உங்கள் ஆடிட்டர் இந்தியத் திவால் வாரியமான ஐபிபிஐயில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அல்ல. லெட்டர்ஹெட்டில் பதிவு எண் இல்லை. ஆகவே அந்தத் தாளுக்கு இந்தப் பிரிவின் கீழ் மதிப்பில்லை. அதை யாருக்கும் அனுப்பாமல் வைத்துவிடுங்கள். விலை ஏறக்குறைய முடிவான பிறகு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் போய், நம்பத்தக்க வளர்ச்சிக் கணக்கைக் கொடுத்து அறிக்கை வாங்குங்கள்.

அப்படியானால் எதை வைத்துப் பேசுவது? முதலீட்டாளர் தன் மனதில் போடும் கணக்கை நீங்களே முன்னால் போட்டுக் காட்டுங்கள். பத்து நிறுவனத்தில் போட்டால் பெரும்பாலானவை மூழ்கும் என்று தெரிந்தே போடுகிறவர் அவர். ஒவ்வொன்றும் பத்து மடங்கு தரக்கூடியதா என்று பார்த்துத்தான் போடுவார். 90 லட்சத்துக்குப் பத்து மடங்கு 9 கோடி. அவருடைய 15.8 சதவீதம் அடுத்த இரண்டு சுற்றுகளில் கரைந்து ஏறக்குறைய 10.1 ஆகிவிடும். 10.1 சதவீதம் 9 கோடியாக வேண்டுமானால் நிறுவனம் சுமார் 90 கோடிக்கு விற்க வேண்டும். வருட வருமானத்தைப் போல நான்கு மடங்குக்கு விற்கும் என்று உதாரணத்துக்கு வைத்தால் வருமானம் 22.5 கோடி. ஒரு தறி வருடத்துக்கு 3,000 ரூபாய் தருகிறது. ஆக 75,000 தறி.

4.8 கோடி என்ற விலைக்குள் ஒளிந்திருப்பது இதுதான்: ஆறேழு வருடத்தில் 75,000 தறி. இதே கணக்கில் நீங்கள் நினைக்கும் 8 கோடியைப் போட்டுப் பாருங்கள். 90 லட்சத்துக்கு 10.1 சதவீதம், இரண்டு சுற்றுக்குப் பிறகு ஆறரை, அதற்கு 1,16,000 தறி வேண்டும். 14 கோடிக்கு ஏறத்தாழ 1,94,000 தறி. விலை ஒவ்வொரு கோடி ஏறும்போதும் இத்தனை தறி கூடுதலாகப் பிடித்துக் காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். சோமனூர், பல்லடம், ஈரோடு வட்டாரத்தோடு நிற்கப் போகிறீர்களா, பிவண்டி, இச்சல்கரஞ்சி, மாலேகாவ், சூரத் வரை போக முடியுமா? அங்கே கருவியைப் பொருத்துவது யார், பழுது பார்ப்பது யார், வாடகை வசூலிப்பது யார்? இந்தக் கேள்விக்கு உங்களிடம் பெயரும் ஊருமாகப் பதில் இருந்தால் 8 கோடிகூடப் பேசலாம். நீங்கள் அனுப்பிய திட்டத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களைத் தாண்டி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த சுற்றையும் யோசியுங்கள். 18 மாதம் கழித்து 2,000 தறி ஓடினால் வருட வருமானம் 60 லட்சம். இன்று 5.7 கோடியில் முடித்திருந்தால் அது அந்த வருமானத்தைப் போல ஒன்பதரை மடங்கு. அடுத்து வருபவர் இன்னும் கூடுதல் விலை கொடுக்க இடம் இருக்கிறது. 14 கோடியில் 90 லட்சம் வாங்கியிருந்தால் 25 மடங்கு. திட்டமிட்ட எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகும் விலையைக் குறைத்து விற்க வேண்டிய நிலை வரும். விலை குறைந்தால் பழைய முதலீட்டாளருக்கு இலவசமாகக் கூடுதல் பங்கு தரும் பாதுகாப்பு விதி உங்கள் டெர்ம் ஷீட்டிலும் இருக்கிறது. அந்தப் பங்கும் உங்கள் பக்கத்திலிருந்துதான் போகும்.

இந்தக் கணக்குகளையெல்லாம் தாங்கி நிற்கும் ஆதாரம் ஒன்றுதான்: ஒரு தறிக்கூடத்தின் நோட்டுப் புத்தகம். கருவி பொருத்துவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் எத்தனை மீட்டர், பிந்தைய மூன்று மாதத்தில் எத்தனை மீட்டர் என்று, உரிமையாளர் கையால் எழுதிய கணக்கு. மீட்டருக்கு 5 ரூபாய் கூலி, மாதம் 25 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியால் தறி நாளுக்கு 2 மீட்டர் கூடுதலாக ஓடினால் மாதம் 250 ரூபாய். அது உங்கள் வாடகைக்கே சரி. அந்த உரிமையாளர் ஆறு மாதம் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிடுவார். நாளுக்கு 6 மீட்டர் என்றால் வாடகை போக 500 ரூபாய் அவருக்கு நிற்கிறது. அவர் பக்கத்துக் கூடத்துக்காரரிடம் தானே சொல்வார். உங்கள் 22 கூடங்களில் எத்தனை எந்த வகை என்று உங்கள் கோப்பில் எங்கும் இல்லை. எத்தனை தறிக்கு உண்மையிலேயே வாடகை வருகிறது, எத்தனை "மூன்று மாதம் இலவசம்" என்று பொருத்தியவை என்பதும் இல்லை. முதலீட்டாளர் மூன்று கூடங்களுக்கு நேரடியாகப் போன் செய்வார். அவருக்கு முன் நீங்கள் 22-க்கும் போய்விட்டு வாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஓடும் கூடங்களில் பத்தில் ஒன்பது வாடகையைத் தொடர்ந்து கட்டுகின்றன என்று காட்ட முடிந்தால் முந்தைய மதிப்பு 5.5 கோடி என்று கேட்டுத் தொடங்குங்கள். அதில் 14 சதவீதம்தான் போகும். முடியாவிட்டால் 4.8-ஐ வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள்.

சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள் டெர்ம் ஷீட்டின் ஐந்தாம் பக்கத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னர் கட்டாயம் ஈக்விட்டிப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்குகளை அவர்கள் கேட்பது சாதாரணம்தான். நிறுவனம் விற்கப்பட்டால் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு மீதியிலும் தங்கள் சதவீதத்துக்குப் பங்கு பெறுவார்கள் என்று எழுதியிருப்பது சாதாரணம் அல்ல. நிறுவனம் 6 கோடிக்கு விற்கப்படுகிறது என்று வையுங்கள். முதலில் 90 லட்சம், மீதி 5.1 கோடியில் 15.8 சதவீதம் 80.6 லட்சம், மொத்தம் 1.7 கோடி. 15.8 சதவீதம் வாங்கியவர் 28 சதவீதத்தை எடுத்துக்கொண்டு போகிறார். "போட்ட பணம் அல்லது சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது" என்று மாற்றச் சொல்லுங்கள். அப்போது அதே விற்பனையில் அவர்களுக்கு 95 லட்சம். என்னைக் கேட்டால், இந்த ஒரு வரியை மாற்ற இன்னும் ஒரு சதவீதம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

மாமாவை வெளியே நிறுத்த வேண்டாம். நூற்பாலைக்காரருக்கு நெசவாளர்களைத் தெரியும். அது உங்களுக்குப் பணத்தைவிடப் பயன்படும். 90 லட்சத்தில் 20 லட்சத்தை அவர் போடட்டும். சென்னைக் குழுவுக்குள்ள அதே விலை, அதே வகைப் பங்கு, 3.5 சதவீதம். "மாமா, உங்கள் ரூபாய்க்கும் அவர்கள் ரூபாய்க்கும் ஒரே விலைதான் சட்டப்படி வசதி" என்று சொல்லிவிடுங்கள். மதிப்பீட்டாளர் அறிக்கை ஒன்று இருக்கும்போது அவருக்கு மட்டும் மலிவாகக் கொடுப்பது உண்மையிலேயே சிக்கல்தான். அவர் வருத்தப்பட்டால் உங்கள் அம்மாவை அவரிடம் பேசச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர் பணம் வருவதில் ஓர் ஆபத்து உண்டு. "இப்போதைக்கு வைத்துக்கொள், காகிதம் பிறகு பார்க்கலாம்" என்று உங்கள் நடப்புக் கணக்கில் போட்டுவிடுவார்கள். அப்படி வாங்காதீர்கள். கம்பெனிகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, பங்கு வாங்க அழைக்கும் சலுகைக் கடிதம் கொடுத்து, தனி வங்கிக் கணக்கில் பணம் வாங்கி, 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால் 12 சதவீத வட்டி. ஒதுக்கிய 15 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் PAS-3 படிவம் தாக்கலாக வேண்டும், அதுவரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. சென்னைக் குழுவில் வெளிநாட்டில் வசிக்கும் யாராவது இருக்கிறார்களா என்று இப்போதே கேளுங்கள். இருந்தால் அந்நியச் செலாவணி விதிகளின்படி விலை நிர்ணயமும் 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு FC-GPR படிவத் தாக்கலும் தனியாக வரும். அதற்கு ஏற்ற அறிக்கையையும் மதிப்பீட்டாளரிடம் சேர்த்தே கேட்டுவிடலாம்.